கண்டியிலிருந்து மதுரைக்கு ஒரு பேனா நட்புக் கடிதம்



இந்த மாதம் ஒரு சிறுமியின் கடிதத்தைப் பற்றி எழுதுகிறேன். பேராதனையில் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கும் சிங்களப் பிள்ளை அவள், ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். கடிதம் மதுரையில் இருக்கும் என் அண்ணன் மகளுக்கு. மதுரை அவளுக்குப் புதிய பெயர் இல்லை. கண்டி அரசர்கள் அங்கிருந்து பெண் எடுத்ததையும், அந்த உறவின் வழியே 1739-இல் நாயக்கர் வம்சம் கண்டி அரியணை ஏறியதையும் கேள்விப்பட்டிருக்கிறாள்.

இலங்கையில் தமிழும் ஆட்சிமொழியாகும் என்று அரசியலமைப்பில் எழுதப்பட்டது 1987-இல், பதின்மூன்றாவது திருத்தத்தில். பள்ளியில் இரண்டாம் தேசிய மொழி என்று ஒரு பாடம் உண்டு. சிங்களப் பிள்ளைகள் அதில் தமிழ் படிக்கிறார்கள், தமிழ்ப் பிள்ளைகள் சிங்களம் படிக்கிறார்கள். குடும்பம், பொழுதுபோக்கு, ஒருநாள் வேலைகள் ஆகிய மூன்றையும் பற்றி எழுத வந்துவிட்டால் ஆரம்ப நிலையைக் கடந்தாயிற்று என்று சொல்லலாம். அவள் அதைத்தான் எழுதிக்கொண்டு, "ஆன்ட்டி, சரியா பாருங்க" என்று வந்தாள்.

குடும்பப் பகுதி பெரும்பாலும் சரியாக இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. நம்மைப் போலவே சிங்களவர்களும் தாய்வழி, தந்தைவழி உறவுகளைப் பிரித்துச் சொல்கிறார்கள். அம்மா அங்கும் அம்மா, அக்கா அங்கும் அக்கா, மாமா அங்கும் மாமா. அம்மாவின் அக்காவை 'லொகு அம்மா' என்கிறார்கள், பெரிய அம்மா என்றே பொருள். அதனால் எல்லோரையும் 'அங்கிள், ஆன்ட்டி' என்று ஒன்றாக்கும் ஆங்கிலத்தின் வழியே அவள் சுற்றி வர வேண்டியிருக்கவில்லை. சிக்கியது இரண்டு இடங்களில். அப்பாவின் தம்பியைச் சிங்களத்தில் அழைக்கும் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டு, 'என் பாப்பா பஸ் ஓட்டுகிறார்' என்று எழுதியிருந்தாள். சிங்களத்தில் அண்ணன் 'அய்யா' என்பதால், 'என் ஐயா பத்தாம் வகுப்பில் படிக்கிறார்' என்றும் இருந்தது. மதுரைப் பிள்ளைக்கு முதல் வரியில் ஒரு குழந்தையும், அடுத்த வரியில் ஒரு பெரியவரும்தான் தெரிவார்கள். அவற்றைச் சித்தப்பா, அண்ணா என்று மாற்றினோம். ஒலி ஒத்துப்போகும் உறவுச் சொற்களை மட்டும் ஒருமுறை சரிபார்த்தால் போதும், மற்றவை தானாக அமைந்துவிடும்.

ஒருநாள் வேலைகளைச் சொல்லும் பகுதிதான் கடினமாக இருந்தது. அவள் எழுதியது இது: 'நான் ஐந்து மணிக்கு எழும்புகிறேன். அம்மா சோறு சமைக்கிறேன். நாங்கள் பாடசாலைக்குப் போகிறேன்.' இது கவனக்குறைவால் வந்ததில்லை. பேச்சுச் சிங்களத்தில் 'யனவா' என்ற ஒரே சொல் போகிறேன், போகிறாள், போகிறோம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். யார் போவது என்பதை எழுவாய் சொல்லிவிடும். தமிழ் வினையோ ஆளைத் தன் கடைசியில் சுமந்து நிற்கிறது. முதலில் கற்ற 'ஏன்' என்ற முடிவை அவள் எல்லோருக்கும் ஒட்டிவிட்டாள்.

இதைத் திருத்த அவளுடைய மொழியிலேயே ஒரு வழி கிடைத்தது. எழுத்துச் சிங்களத்தில் வினை ஆளுக்கேற்ப மாறும். நான் போகிறேன் என்பதற்கு 'மம யமி', நாங்கள் போகிறோம் என்பதற்கு 'அபி யமு'. பள்ளியில் சிங்களக் கட்டுரைக்கு அவள் இப்படித்தான் எழுதுகிறாள். அதை நினைவுபடுத்தியதும் பிடித்துக்கொண்டாள். அதற்குமேல் நான்கு முடிவுகளை மட்டும் கொடுத்தேன். நான் என்றால் ஏன், நாங்கள் என்றால் ஓம், அம்மா அப்பா என்றால் ஆர், தங்கை என்றால் ஆள். பிழையைத் தானே கண்டுபிடிக்க ஒரு சோதனையும் சொன்னேன். வாக்கியத்தின் எழுவாயை விரலால் மறைத்துவிட்டு வினையை மட்டும் வாசிக்க வேண்டும். வினை சொல்லும் ஆளும் மறைத்த எழுவாயும் ஒன்றானால் அது சரி.

வீட்டு நாயிடம் வேறொரு சிக்கல். சிங்களம் உயிருள்ளவற்றுக்கு 'இன்னவா', உயிரற்றவற்றுக்கு 'தியெனவா' என்று பிரிக்கிறது. மனிதரும் நாயும் அங்கே ஒரே பக்கம். தமிழில் நாய் அஃறிணைப் பக்கம் போய்விடுகிறது. ஆகவே 'நாய் இருக்கிறார்' என்பது 'நாய் இருக்கிறது' ஆனது.

பொழுதுபோக்கில் ஒரே ஒரு வரிதான் இடறியது: 'நான் நடனத்துக்கு விருப்பம்.' சிங்களத்தில் விரும்புகிறவர் 'மம' என்று எழுவாயாக நிற்பார், விரும்பப்படும் பொருளே 'க்கு' போன்ற உருபை ஏற்கும். தமிழில் அந்தக் 'கு' இடம் மாறி ஆளோடு சேர்கிறது. 'எனக்கு நடனம் விருப்பம்' என்று எழுதினாள். பிடிக்கும் என்று மாற்றவில்லை. விருப்பம் என்பது இந்த நாட்டுத் தமிழ், மதுரைக்கும் புரியும்.

கடைசியில் கடிதம் இப்படி வந்தது:

'அன்புள்ள தோழிக்கு, வணக்கம். நான் பேராதனையில் இருக்கிறேன். எனக்கு வயது பன்னிரண்டு. எங்கள் வீட்டில் ஐந்து பேர்: அப்பா, அம்மா, அண்ணா, தங்கை, நான். சித்தப்பா பஸ் ஓட்டுகிறார். நான் காலை ஐந்து மணிக்கு எழும்புகிறேன். அம்மா சோறு சமைக்கிறார். நாங்கள் பஸ்ஸில் பாடசாலைக்குப் போகிறோம். பாடசாலை ஏழரை மணிக்குத் தொடங்குகிறது. ஒன்றரை மணிக்கு முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை நான் தஹம் பாசலுக்குப் போகிறேன். அது பௌத்த அறநெறிப் பள்ளி. எனக்குக் கண்டி நடனம் விருப்பம். எங்கள் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதா? நீங்கள் எத்தனை மணிக்கு எழும்புகிறீர்கள்?'

கடைசி இரண்டு கேள்விகளும் பிறகு சேர்த்தவை. தன்னைப் பற்றி மட்டும் சொல்லி முடியும் கடிதத்துக்கு எதிர்ப்பக்கத்துப் பிள்ளை எதைத் தொட்டுப் பதில் எழுதுவது என்று திகைக்கும். இரண்டு கேள்விகள் இருந்தால் பதிலில் இரண்டு வரிகளாவது நிச்சயம்.

மதுரையிலிருந்து பதில் வந்தது. 'நான் காலைல ஆறு மணிக்கு எந்திரிப்பேன். அப்புறம் டியூஷன் போயிட்டு வந்து இட்லி சாப்ட்டு ஸ்கூலுக்குக் கிளம்பிருவேன்.' அன்பான பதில்தான், ஆனால் இந்தப் பிள்ளையால் வாசிக்க முடியவில்லை. பாடப்புத்தகத்தில் அவள் படித்தது எழுத்துத் தமிழ். 'சாப்ட்டு' அங்கே இல்லை. ஒரு வாக்கியத்தில் அடுக்கி வந்த வினையெச்சங்களை அவள் இன்னும் படிக்கவில்லை. அண்ணன் மகளிடம் சொன்னேன், மீண்டும் எழுதினாள்: 'நான் ஆறு மணிக்கு எழுகிறேன். டியூஷனுக்குப் போகிறேன். பிறகு இட்லி சாப்பிடுகிறேன்.' பக்கத்து வீட்டுப் பிள்ளை அதை உரக்க வாசித்து, தன் அம்மாவுக்குச் சிங்களத்தில் சொன்னாள்.

வாசகர்களே, தமிழ் கற்கும் ஒருவரிடமிருந்து உங்கள் வீட்டுக்கு இப்படிக் கடிதம் வந்தால் எழுத்துத் தமிழில் பதில் எழுதுங்கள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினை போதும். பிழைகள் பல இருந்தாலும் ஒரு கடிதத்தில் ஒன்றை மட்டும் திருத்துங்கள், மற்றவை அடுத்த கடிதத்துக்கு இருக்கட்டும்.