அப்பா அம்மாவிடம் சொல்வதற்கு முன்

தலைவலி என்று வந்தார், 25 வயதுத் தம்பி. பிபி நார்மல், கண்ணும் நார்மல். கடைசியில் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், எனக்குப் பசங்களத்தான் பிடிக்கும். வீட்ல பொண்ணு பார்க்கறாங்க. எப்படிச் சொல்றது?"

தாம்பரம் பக்கம் வீடு. பாட்டி, பெரியப்பா, சித்தப்பா என்று பத்துப் பேர். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) இதே கேள்வியோடு இருப்பவர்களுக்காக இந்தத் தொடர்.

1. முதலில் பாதுகாப்பு. இதற்கு முன் உங்களை அடித்திருக்கிறார்களா, பூட்டி வைத்திருக்கிறார்களா? இன்று ராத்திரி வெளியே போ என்றால் எங்கே போவீர்கள்? சம்பளக் கணக்கு யார் கையில்? பதில்கள் பயமுறுத்தினால் இப்போது சொல்ல வேண்டாம். படிப்பு முடியும் வரை, வேலை கிடைக்கும் வரை காத்திருப்பது கோழைத்தனம் இல்லை.

2. அந்தத் தம்பி முதலில் செய்தது மூன்று. ஆதார், மார்க்‌ஷீட், டிகிரி சர்டிபிகேட் ஒரிஜினல்களை நண்பர் வீட்டுக்கு மாற்றினார். தன் பெயரில் மட்டும் ஒரு கணக்கு தொடங்கி மூன்று மாதச் செலவுக்குப் பணம் சேர்த்தார். "ராத்திரி ஒன்பது மணிக்குள்ள என் மெசேஜ் வரலன்னா வீட்டுக்கு வா" என்று அந்த நண்பரிடம் சொல்லி வைத்தார்.

3. எப்போது? தீபாவளி, காதுகுத்து என்று சொந்தம் கூடும் நாளில் வேண்டாம். சண்டையின் நடுவில் வேண்டவே வேண்டாம். ஆனால் நிச்சயதார்த்தம் வரை தள்ளவும் கூடாது. அதன் பிறகு ஒன்றும் அறியாத ஒரு பெண்ணின் வாழ்க்கையும் இதில் மாட்டிக்கொள்ளும். ஜாதகம் கைக்கு வரும் கட்டத்திலேயே சொல்வது நல்லது.

4. எங்கே? கூட்டுக் குடும்பத்தில் ஹாலில் சொன்னால் அது பத்துப் பேருக்கும் சொன்னது மாதிரி. அப்பா தனியாக யோசிக்கும் முன்பே பெரியப்பா தீர்ப்பு சொல்லிவிடுவார். தம்பி முதலில் அக்காவிடம் சொன்னார். பிறகு குரோம்பேட்டையில் அக்கா வீட்டுக்கு அப்பா அம்மாவை மட்டும் வரவழைத்துப் பேசினார்.

5. முதல் கேள்வி பெரும்பாலும் "டாக்டரைப் பார்க்கலாமா?" என்பதுதான். உலக சுகாதார நிறுவனம் 1990லேயே தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது. "மாற்றிக் காட்டுகிறேன்" என்று சிகிச்சை தருவது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. எனவே உங்கள் பதில் இது: "வரேன்ப்பா. ஆனா டாக்டரை நான்தான் தேர்ந்தெடுப்பேன்." எங்கே என்று சொல்லாமல் கூப்பிடும் காரில் ஏறாதீர்கள்.

6. "கல்யாணம் பண்ணா சரியாயிடும்" என்றால்: "ஆகாதும்மா, அந்தப் பொண்ணும் அழுவா." "நாலு பேர் என்ன சொல்வாங்க?" என்றால்: "நான் ஊருக்குச் சொல்லல. பெரியப்பாகிட்ட சொல்றதா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க." இந்த ஒரு வாக்கியம் பாதிப் பயத்தைக் குறைக்கும்.

7. நிலைமை கைமீறினால்? மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் வீட்டு எதிர்ப்பால் சென்னைக்கு வந்துவிட்டார்கள். காணவில்லை என்று பெற்றோர் புகார் கொடுத்தார்கள். பெண்கள் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இது முழுதாகப் புரியவில்லை என்று ஒத்துக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். 2021 ஜூன் 7 அன்று உத்தரவு போட்டார். இப்படிப் புகார் வந்து, இருவரும் விருப்பத்தோடு சேர்ந்திருக்கும் வயதுவந்தவர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போலீஸ் தொல்லை தராமல் புகாரை முடிக்க வேண்டும். 'குணப்படுத்தும்' சிகிச்சைக்கும் தடை. சுஷ்மா வழக்கு என்று பெயர். அந்த உத்தரவை போனில் வைத்திருங்கள்.

ஒன்று கவனியுங்கள். அந்த வழக்கில் பெற்றோரையும் கவுன்சிலிங் அனுப்பினார்கள். அதனால் உடனே மனம் மாறிவிடவில்லை. கோர்ட் உங்களைக் காப்பாற்றலாம். அப்பாவின் மனதுக்கு ஆர்டர் போட முடியாது.

8. சொன்ன பிறகு வரும் நாட்கள்தான் கஷ்டமானவை. உயிரை விடும் எண்ணம் உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ வந்தால் டெலி மானஸ் 14416, எந்த நேரமும், தமிழிலும் பேசலாம். அடித்தாலோ அடைத்து வைத்தாலோ 112.

தம்பி வீட்டில்? அம்மா அழுதார். அப்பா எதுவும் பேசாமல் எழுந்து போனார். வீட்டில் இறுக்கம் தாங்காமல் தம்பி நண்பர் வீட்டுக்குப் போய்விட்டார். மூன்றாவது வாரம், மகனின் சம்மதத்தோடு அப்பா என்னிடம் வந்தார்.

"இதுக்கு மாத்திரை இருக்கா டாக்டர்?"

"இது நோய் இல்லீங்க. மாத்திரையும் இல்ல."

ரொம்ப நேரம் தரையைப் பார்த்தார். "ஒழுங்கா சாப்பிடறானா?" என்றார்.

அவர் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் ஜாதகம் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.