வராத சொல்லும் பிந்தி வந்த சொல்லும்

வெளிநாட்டுக் கோல் பற்றி நம் பக்கத்தில் இரண்டு முறைப்பாடு உண்டு. ஒன்று, "குரல் வெட்டி வெட்டி வருது." மற்றது, "நான் சொன்னது அங்க போய்ச் சேர நேரம் எடுக்குது, ரெண்டு பேரும் ஒண்டாக் கதைச்சுப் போடுறம்." சிக்னல் சரியில்லை என்று இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம். உண்மையில் இவை இரண்டும் தராசின் இரு தட்டுகள். போன் ஒன்றைக் குறைக்கப் பார்த்தால் மற்றது ஏறும்.

கட்டைபறிச்சானில் என் வகுப்புப் பிள்ளை ஒருவனின் தாய் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான் ஆறுதலாகக் கதைக்க முடியும். ஒருநாள் என்னிடம் சொன்னார்: "மகன் என்னட்ட எதையோ மறைக்கிறான் சேர். ஸ்கூலுக்குப் போனியா எண்டு கேட்டா உடன பதில் வாறதில்ல. யோசிச்சு யோசிச்சுச் சொல்றான்." எனக்குத் தெரிந்த வரை அவன் ஒருநாளும் பாடசாலைக்கு வராமல் விட்டதில்லை. கேட்ட உடனே படபடவென்று பதில் சொல்கிற பிள்ளை அவன். அந்த யோசனை அவனுடையது அல்ல, வலையமைப்புடையது. அதை விளக்கத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வட்ஸ்அப் போன்ற கோல்களில் குரல் தண்ணீர்க் குழாய் போலத் தொடர்ச்சியாக ஓடுவதில்லை. போன் அதைச் சிறு துண்டுகளாக நறுக்குகிறது. பெரும்பாலும் ஒரு துண்டு 20 மில்லிசெக்கன், அதாவது செக்கனுக்கு 50 துண்டு. ஒவ்வொன்றும் தனிப் பொதியாகப் புறப்படுகிறது. பொதியின் தலைப்பில் எழுதவேண்டியதை ஆர்டிபி என்ற நெறிமுறை சொல்கிறது. 1996 ஜனவரியில் ஆர்எஃப்சி 1889 என்ற ஆவணமாக வந்து, 2003இல் ஆர்எஃப்சி 3550 ஆகத் திருத்தப்பட்டது. தலைப்பில் முக்கியமானவை இரண்டு: ஒரு வரிசை எண், ஒரு நேர முத்திரை. வரிசை எண்ணைப் பார்த்தால் எது வரவில்லை என்று தெரியும். நேர முத்திரையைப் பார்த்தால் எதை எப்போது ஒலிக்கவேண்டும் என்று தெரியும். பொதி வந்து சேரும் என்ற உத்தரவாதம் எதுவும் அதில் இல்லை. வேண்டுமென்றேதான் அப்படி.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் முன்பு வாகனங்களைப் பாதையில் ஏற்றிக் கடந்தது என் வயதுக்காரருக்கு நினைவிருக்கும். வாகனங்கள் பத்து நிமிடத்துக்கு ஒன்றாகப் புறப்பட்டாலும் துறையில் எல்லாம் சேர்ந்து நிற்கும். பாதை வந்ததும் அக்கரையில் கூட்டமாக இறங்கும். ஒழுங்கான இடைவெளி போய்விடும். பொதிகளுக்கும் இதுதான் நடக்கிறது. ரவுட்டரிலும் டவரிலும் வரிசையில் நின்று, பிறகு கும்பலாக வருகின்றன. தாமதம் இப்படிக் கூடிக் குறைவதற்குப் பெயர் ஜிட்டர்.

கும்பலாக வந்ததை அப்படியே ஒலித்தால் குரல் குழறும். ஆகவே கேட்கும் போன் வந்த பொதிகளைச் சற்றுத் தேக்கிவைத்து, ஒழுங்கான இடைவெளியில் எடுத்து ஒலிக்கிறது. அந்தத் தேக்கம்தான் ஜிட்டர் பஃபர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு பொதிகள் 0, 20, 40, 60, 80, 100 ஆவது மில்லிசெக்கன்களில் புறப்படுகின்றன. வந்து சேர்வது 90, 115, 132, 230, 232, 234இல். முதல் மூன்றும் நல்லபடி வந்தன, அடுத்த மூன்றும் எங்கோ துறையில் நின்று ஒன்றாக இறங்கியிருக்கின்றன. பஃபர் 60 மில்லிசெக்கன் என்று வையுங்கள். முதல் பொதி 150இல் ஒலிக்கும், அடுத்தவை 170, 190, 210, 230, 250இல் ஒலிக்கவேண்டும். நான்காவது 210க்குத் தேவை, வந்ததோ 230இல். ஐந்தாவது 230க்குத் தேவை, வந்தது 232இல். இரண்டே மில்லிசெக்கன் பிந்திவிட்டது. கடல் கடந்து, ஒரு பிட்டும் சேதமில்லாமல் வந்த பொதி. ஆனாலும் எறியத்தான் வேண்டும், ஏனென்றால் அந்த இடத்தை ஏற்கனவே நிரப்பியாயிற்று. முந்திய ஒலியைச் சற்று இழுத்து போனே இட்டுக்கட்டிவிடும். 20, 40 மில்லிசெக்கன் ஓட்டையென்றால் காது அவ்வளவாகக் கண்டுபிடிக்காது. 100ஐத் தாண்டினால் ஓர் அசையே போய்விடும், அப்போது இட்டுக்கட்டல் பலிக்காது.

அந்த இரண்டும் வழியில் தொலைந்திருந்தாலும் இதே ஓட்டைதானே, பிந்தி வருவது எப்படி அதைவிட மோசம் என்று கேட்பீர்கள். தொலைந்த பொதி தன்னோடு முடிந்துவிடுகிறது. பிந்திய பொதி வரிசையில் இடம்பிடித்து நின்றது, பின்னால் நின்றவர்களையும் பிந்தவைத்தது, கடைசியில் குப்பைக்குப் போனது. அதைவிடப் பெரிய கேடு இன்னொன்று. பஃபர் தன்னைத்தானே மாற்றிக்கொள்ளும் வகை. "ஓகோ, இந்த வழியில் இவ்வளவு பிந்துமா" என்று பார்த்து 60ஐ 80 ஆக்கும், 200 ஆக்கும், இன்னும் கூட்டும். மேலேயுள்ள கணக்கில் 80 ஆக இருந்திருந்தால் இரண்டு பொதியும் தப்பியிருக்கும், உண்மைதான். ஆனால் கூட்டிய பிறகு, நேரத்துக்கு வந்த பொதிகளும் காத்திருக்கவேண்டும். நிலைமை சீரானதும் பஃபர் மெல்ல மெல்லத்தான் சுருங்கும். சிலவேளை குரல் திடீரென்று ஓடுகிற மாதிரிக் கேட்பது, போன் அந்தத் தேக்கத்தை வடிப்பதால்.

தொலைந்ததைத் திரும்ப அனுப்பச் சொன்னால் என்ன? இணையப் பக்கம் திறக்கும்போது டிசிபி அதைத்தான் செய்கிறது. அங்கே ஓர் எழுத்தும் விடுபடக் கூடாது. குரலில் அப்படிச் செய்தால், கேட்டு அனுப்பிவரும் வரை பின்னால் வந்த எல்லாம் கதவருகே நிற்கும். அதனால்தான் குரல் பொதுவாகத் திருப்பி அனுப்பாத யூடிபியில் போகிறது.

இனி அந்தத் தாயிடம் வருவோம். ஐடியூவின் ஜி.114 பரிந்துரை, ஒருவழித் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடலுக்குப் பாதிப்பில்லை என்கிறது. 400ஐத் தாண்டவே கூடாது. 400 என்றே வைத்தால் அவர் கேள்வி போக 400, "ஓம்மா" வர 400. பிள்ளை உடனே சொன்னாலும் முக்கால் செக்கனுக்கு மேல் மௌனம். குரல் தெளிவாகவே கேட்பதால் இதை யாரும் இணையத்தின் பிழை என்று நினைப்பதில்லை. குரல் வெட்டியிருந்தால் லைனை ஏசியிருப்பார். வெட்டாததால் பிள்ளையைச் சந்தேகித்தார்.

வீட்டில் கணினி இருந்தால் இதைப் பார்க்கலாம். விண்டோஸில் இப்படி அடியுங்கள், இந்த மாதிரி வரும்:

```
ping -n 50 8.8.8.8
Reply from 8.8.8.8: bytes=32 time=58ms TTL=115
Reply from 8.8.8.8: bytes=32 time=743ms TTL=115
Request timed out.
```

கடைசி வரி தொலைந்த பொதி. அது எப்போதாவது ஒன்று வந்தால் கவலையில்லை. 58 திடீரென்று 743 ஆவதுதான் கோலைக் கெடுப்பது. இது உங்கள் பக்கத்தை மட்டும் காட்டும், குவைத் பக்கத்தை அல்ல.

அந்தப் பிள்ளையின் வீட்டில் போய்ப் பார்த்தேன். அதே ரவுட்டரில் மூத்தவரின் போன் வீடியோக்களைத் தானாக மேலேற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பெரிய வரிசைக்குப் பின்னால் இவனுடைய "ஓம்மா" நின்றுகொண்டிருந்தது. மேலேற்றத்தை நிறுத்தினோம், எண்கள் அறுபதுக்கு இறங்கின. கோலைக் கட் பண்ணிவிட்டு மீண்டும் எடுக்கச் சொன்னேன், பழைய தேக்கம் இல்லாமல் புதிதாகத் தொடங்கட்டும் என்று. வீடியோவையும் அணைக்கச் சொன்னேன். அதற்குத் தாய் சம்மதிக்கவில்லை. "குரல் பிந்தினாலும் பரவாயில்ல சேர், முகத்தப் பாக்கோணும்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. வீடியோ ஓடட்டும், கேள்வி கேட்டால் மட்டும் இரண்டு எண்ணும் வரை பொறுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.