எப்போது 'ஹேவ்', எப்போது வேண்டாம்?

பாயான் பாருவில் என் வீட்டுக்கு ஞாயிறுதோறும் நான்கைந்து இளைஞர்கள் ஆங்கிலம் பேசிப் பழக வருகிறார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள். தடங்கலின்றிப் பேசுவார்கள். 'ஐ வென்ட்' சொல்வதா, 'ஐ ஹேவ் கோன்' சொல்வதா என்ற இடத்தில்தான் தடுமாறுவார்கள்.

நம் ஊரில் 'ஐ ஈட் ஆல்ரெடி' என்றாலே போதும்; மலாய் 'சுடா மாக்கான்' அதற்குள் இருக்கிறது. வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பேசும்போதுதான் சிக்கல் வருகிறது.

தமிழ் இதில் பாதி தூரம் கைகொடுக்கும். 'லங்காவிக்குப் போயிருக்கிறேன்' என்பது 'ஐ ஹேவ் பீன் டு லங்காவி'. எப்போது என்பது முக்கியமில்லை. அந்த அனுபவம் இன்று என்னிடம் இருக்கிறது. ஆனால் தமிழில் 'அவர் நேற்று வந்திருக்கிறார்' என்றும் சொல்லலாம். நாம் பார்க்கவில்லை, பிறகு தெரிந்தது என்று பொருள். அதை அப்படியே 'ஹி ஹேஸ் கம் யெஸ்டர்டே' என்றால் ஆங்கிலத்தில் பிழை. யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், அட் டூ ஓ கிளாக் என்று முடிந்துபோன நேரம் வாக்கியத்தில் வந்தாலே 'ஹேவ்' விலகிவிடும். 'ஹி கேம் யெஸ்டர்டே' என்பதே சரி.

ஷிப்ட் மாறும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் கேட்டாள்: "அக்கா, மெஷின் நின்னதை எப்படிச் சொல்றது?"

"இப்பவும் நிக்குதா?" என்றேன்.

"ஆமாக்கா."

அப்படியானால் 'தி மெஷின் ஹேஸ் ஸ்டாப்ட்'. கேட்பவர் உடனே டெக்னீஷியனைக் கூப்பிடுவார். 'தி மெஷின் ஸ்டாப்ட் அட் டூ' என்று மட்டும் சொன்னால், இரண்டு மணிக்கு நின்றது தெரியும். இப்போது ஓடுகிறதா என்பது தெரியாது.

உரையாடல் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் போகும். முதலில் செய்தி: 'தி மெஷின் ஹேஸ் ஸ்டாப்ட்.' அடுத்து விவரம்: 'வென் டிட் இட் ஸ்டாப்?' 'இட் ஸ்டாப்ட் அட் டூ.' செய்தியைச் சொன்னதும் 'ஹேவ்' வேலை முடிந்தது. 'வென்' என்று கேட்கும்போதே இறந்த காலத்துக்கு மாறிவிட வேண்டும். 'வென் ஹேஸ் இட் ஸ்டாப்ட்?' என்று யாரும் கேட்பதில்லை.

பேச்சில் 'ஐ ஹேவ்' சுருங்கி 'ஐவ்' ஆகிவிடும். 'ஐவ் சீன்' என்றால் 'சீன்' காட்டிக்கொடுக்கும். 'ஐவ் ஃபினிஷ்ட்' என்றால் அந்தச் சின்ன 'வ்' மட்டும்தான் அடையாளம். காது அதற்குப் பழக வேண்டும்.

இன்னொன்று. அமெரிக்க மேலாளர் 'டிட் யூ ஈட் யெட்?' என்று கேட்டால் அதைப் பிழை என்று நினைக்காதீர்கள். ஜஸ்ட், ஆல்ரெடி, யெட் வரும் இடங்களில் அமெரிக்கர்கள் இறந்த காலத்தையும் தாராளமாகப் பயன்படுத்துவார்கள். நம் பள்ளிகள் பிரிட்டிஷ் வழக்கத்தில் கற்றுத் தந்தது 'ஹேவ் யூ ஈட்டன் யெட்?' என்பதை. பேச்சில் இரண்டுமே செல்லும். 'ஹேவ் யூ ஈட்டன் யெஸ்டர்டே?' மட்டும் இரண்டு நாட்டிலும் செல்லாது.