"ஆளே தெரியேல்லை" என்று சொல்லாமல்

எங்கட ஊரில் ஒருவரைக் கனகாலத்துக்குப் பிறகு கண்டால் முதல் கதை உடம்பைப் பற்றித்தான். "மெலிஞ்சு போனாய்", "கறுத்துப் போனாய்", "நல்லா உடம்பு வைச்சிட்டாய் என்ன", "தலைமயிர் எல்லாம் கொட்டுண்டு போச்சு." கம்பசில் இருந்து மூன்று மாதத்துக்கு ஒருக்கால் வீட்டுக்குப் போகிற எனக்கே கேற்றடியில் வைத்து இதில் குறைந்தது இரண்டு கிடைத்துவிடும். காலையில் பெரியம்மா மெலிஞ்சிட்டாய் என்பார். பின்னேரம் பக்கத்து வீட்டு அன்ரி கொழுத்திட்டாய் என்பார். இரண்டு பேரும் தராசில் வைத்துப் பார்த்துச் சொல்வதில்லை.

இதில் அனேகமாகக் கெட்ட எண்ணம் இருப்பதில்லை. "மெலிஞ்சு போனாய்" என்ற இரண்டு சொல்லுக்குள், நீ முந்தி எப்படி இருந்தாய் என்று எனக்கு ஞாபகம் இருக்குது, இவ்வளவு நாளும் நான் பக்கத்தில் இல்லை, ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்ற எல்லாம் இருக்கிறது. அதனால்தான் "உடம்பைப் பற்றிக் கதைக்காதேங்கோ" என்று மட்டும் சொன்னால் அது வேலை செய்யாது. அந்த வசனத்தைப் பறித்துவிட்டால் சனம் என்ன சொல்வது என்று தெரியாமல் முழுசிக்கொண்டு நிற்கும். உண்மையாகவே உருவம் மாறிப்போன ஒருவருக்கு அந்த மௌனம் வசனத்தை விட மோசமானது. ஆகவே அந்த வசனம் செய்த வேலையைச் செய்ய வேறு ஒன்று வேண்டும். சித்தி வந்து நின்ற மூன்று கிழமையில் எனக்கு விளங்கிய விசயம் இது.

சித்தி 2012இல் கனடா போனார். அப்போது எனக்குப் பத்து வயது. பிறகு 2024 ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்குத்தான் வந்தார். இடையில் அவருக்குச் சிறுநீரகத்தில் வருத்தம் வந்து, நீண்ட காலம் பிரெட்னிசோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசை எடுக்க வேண்டி இருந்தது. அந்தக் குளிசையைக் கூடின அளவில் நெடுநாள் எடுத்தால் கொழுப்பு முகத்திலும் கழுத்தின் பின்பக்கமும் வயிற்றிலும் போய்ச் சேரும். முகம் முழுநிலவு மாதிரி வட்டமாகும். கை, கால் மட்டும் மெலிந்துகொண்டு போகலாம். பார்க்கிற ஆளுக்கு அது "கனடாச் சாப்பாடு நல்லா ஒத்துக்கொண்டிருக்குது" என்று தெரியும். உள்ளே நடப்பது அதற்கு நேர்மாறான கதை. ஒரு உடம்பை மட்டும் பார்த்து அதன் காரணத்தைக் கண்டுபிடிக்க ஏலாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வருகிறதுக்கு நாலு நாள் முதல் அம்மா எங்களை விறாந்தையில் இருத்தி விசயத்தைச் சொன்னார். சித்தி வீடியோ கோலில் கமராவை நிப்பாட்டி வைத்தே கதைத்ததன் காரணம் அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். சித்தியிடம் கேட்டு, அவர் ஓம் என்ற பிறகு, அண்மையில் எடுத்த ஒரு படத்தையும் அம்மா காட்டினார். தம்பி பார்த்த உடனே "ஐயோ" என்றான். அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கி, விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்து, "இது இவள்தானோ?" என்று கேட்டு அழுதார்.

அந்த ஐயோவும் அந்த அழுகையும் விறாந்தையோடு முடிந்தது நல்லது. வாயில் வருகிற சொல்லை நாங்கள் அடக்கலாம். ஒரு முகத்தைக் கண்ட முதல் விநாடியில் எங்கட முகம் செய்வதை அடக்க ஏலாது. அந்தத் திடுக்கிடலை ஒரு படத்தின் முன் செலவழித்துவிட்டால், ஆள் வந்து இறங்கும்போது அது கையிருப்பில் இராது. கண்ணைத் துடைத்துவிட்டு அம்மம்மா இரண்டு கேள்விதான் கேட்டார். "நோவு இருக்குதோ? என்ன சாப்பிடலாம்?" உப்புக் குறைக்க வேண்டும் என்று அம்மா சொன்னார். அடுத்த நாளே அம்மம்மா ஒரு சட்டி புளிக்கஞ்சியை உப்புக் குறைத்து வைத்துப் பார்த்தார். அதே நேரம் இந்த வருத்தத்தைத் தெருவுக்குச் சொல்வதில்லை என்றும் வீட்டில் முடிவெடுத்தோம். அது சித்தியின் செய்தி. யாருக்குச் சொல்வது என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

கட்டுநாயக்காவில் இருந்து இரவிரவாக வந்த வான் விடிய ஐந்தரைக்குக் கேற்றடியில் நின்றது. சித்தி இறங்கும்போதே சால்வையைக் கழுத்தைச் சுற்றி இழுத்து விட்டார். உருவம் மாறின ஆட்கள் மற்றவையின் கண் எங்கே போகுது என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கன்னத்தில் இருந்து வயிற்றுக்கு இறங்கித் திரும்பி ஏறுகிற பார்வை, வாய் திறக்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிடும். கண்ணைப் பார்ப்பதும், கையில் இருக்கிற பாக்கை வாங்குவதும் அந்த நேரத்துக்குப் போதும். அம்மம்மா இன்னும் ஒரு படி மேலே போனார். இரண்டு கையாலும் அந்த வட்ட முகத்தைப் பிடித்து, இரண்டு பக்கமும் கொஞ்சி, "வா பிள்ளை, வழியில நித்திரை கொண்டனியே?" என்று கேட்டார். எதைப் பற்றிக் கதைக்கக் கூடாது என்று நாங்கள் எல்லோரும் பயந்துகொண்டு நின்றோமோ, அதையே அவர் தொட்டார்.

சித்தி என்னைப் பார்த்து ஒரு கணம் தடுமாறினார். பத்து வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போனவருக்கு முன்னால் இருபத்திரண்டு வயது ஆள் ஒன்று நிற்குது. கனகாலத்துக்குப் பிறகு காணும்போது மாறினது அவர் மட்டுமில்லை என்பதை நாங்கள் மறந்துபோவோம். நான் பேரைச் சொல்லிவிட்டு, "சித்தி, நீங்கள் ஒழுங்கையில வைச்சுச் சைக்கிள் பழக்கின ஆள். அந்தச் சைக்கிளை இப்பவும் தம்பி ஓடித் திரியிறான்" என்றேன். "அந்தப் பச்சைச் சைக்கிளோ? பிரேக் பிடிக்காதே அது!" என்று சித்தி சிரித்தார். "மெலிஞ்சு போனாய்" என்ற வசனம் செய்ய வேண்டிய வேலை முழுவதையும் அந்தச் சைக்கிள் செய்தது. உங்களை நான் ஞாபகம் வைத்திருக்கிறேன் என்பதற்கு அத்தாட்சி கிடைத்துவிட்டது. அதற்கு உடம்பு தேவைப்படவில்லை. சொல்கிற விசயம் அந்த ஆளுக்கும் உங்களுக்கும் மட்டும் சொந்தமானதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். "அந்தக் காலத்தில எவ்வளவு வடிவா இருந்தனீங்கள்" என்ற வகை ஞாபகம் இதில் சேராது. அது இன்றைய முகத்தைப் பற்றின கதைதான்.

நல்லது என்று நினைத்துச் சொல்கிற மூன்று வசனமும் இதே மாதிரிச் சிக்கலானவை. "நீங்கள் மாறவே இல்லை" என்பதைக் கண்ணாடி பார்க்கிற ஒருவர் நம்பமாட்டார். அதற்குப் பிறகு நாங்கள் சொல்கிற மற்றதையும் நம்பமாட்டார். "களைச்சுப் போனியள்" என்பது அக்கறை மாதிரித் தெரியும், ஆனால் அதுவும் முகத்தைப் பற்றியது. அம்மம்மா கேட்ட நித்திரைக் கேள்வி பயணத்தைப் பற்றியது. "மெலிஞ்சு வடிவா வந்திட்டியள்" என்ற பாராட்டு, நீரிழிவாலோ கவலையாலோ மெலிந்த ஒருவரிடம் போய் விழுந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டுக்காரரை ஆயத்தப்படுத்தலாம். அயலை ஆயத்தப்படுத்த ஏலாது. பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு அன்ரி வந்தவுடனே, "கடவுளே, ஆளே தெரியேல்லை! என்னடியப்பா இப்பிடி ஊதிப் போனாய்?" என்றார். தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. அவனை நான் கையில் பிடித்து நிப்பாட்டினேன். அந்த இடத்தில் அன்ரிக்குப் பாடம் எடுத்தால், சித்தியின் முகம்தான் இன்னும் பத்து நிமிசத்துக்கு எல்லோருடைய கதையாகவும் இருக்கும். அம்மா கதிரையை இழுத்துப் போட்டபடி, "ஓம், பன்னிரண்டு வருசம் எல்லே. கடைசியாக் கண்டது உங்கட மகளின்ர கலியாணத்தில. மகள் இப்ப கொழும்பிலயோ?" என்றார். அன்ரி மகளுக்குப் போய், பேரப்பிள்ளைக்குப் போய், தேத்தண்ணி குடித்து எழும்பினார். சித்திக்கு ஒரு பதிலும் சொல்ல வேண்டி வரவில்லை.

திருப்பி விடக் கூடாத ஒரு இடமும் இருக்கிறது. இன்னொரு நாள் வந்த உறவுக்காரர் ஒருவர், மருந்தால்தான் இப்படி என்று எப்படியோ கேள்விப்பட்டு, "உந்தக் குளிசையை விட்டுப்போட்டு நாட்டு மருந்து செய் பிள்ளை" என்றார். நெடுநாள் எடுத்த ஸ்டீரொய்டைத் திடீரென்று நிப்பாட்டுவது ஆபத்து. டொக்டரின் கணக்குப்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இதற்கு அம்மா சிரித்து மழுப்பவில்லை. "அதை டொக்டர்தான் குறைப்பார்" என்று ஒரே வசனத்தில் முடித்தார். தோற்றத்தைப் பற்றின கதை இப்படித்தான் நீளும். முதலில் அதிசயம், பிறகு காரணம், கடைசியில் வைத்தியம்.

அப்போ அதைப் பற்றி ஒருநாளும் கதைக்கக் கூடாதா? கதைக்கலாம், அவர் தொடங்கினால். ஆறாம் நாள் பின்னேரம் குசினிப் படியில் இருந்து இரண்டு பேரும் முருங்கையிலை உருவிக்கொண்டிருக்கும்போது, தலையை நிமிர்த்தாமல் சித்தி கேட்டார். "என்ர முகத்தைக் கண்டு பயந்திட்டியோ?"

"மாறித்தான் இருக்குது சித்தி. அம்மா மருந்தைப் பற்றிச் சொன்னவ. குரல் மட்டும் அப்பிடியே இருக்குது" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இலையை உருவினார். பிறகு அவராகவே சொல்லத் தொடங்கினார். குளிசை தொடங்கின முதல் மாதங்களில் நித்திரை வராதாம். வேலையிடத்தில் யாரோ பிள்ளைத்தாச்சியா என்று கேட்டார்களாம். வர முதல் இரண்டு தரம் ரிக்கற்றைக் கான்சல் பண்ண நினைத்தாராம். நான் "ஒண்டும் தெரியேல்லை சித்தி" என்று சொல்லியிருந்தால் அந்தக் கதை அவ்விடத்திலேயே முடிந்திருக்கும்.

இந்த வருசம் தைப்பொங்கலுக்குச் சித்தி வீடியோ கோல் எடுத்தார். கமரா போட்டபடி. முகம் வற்றத் தொடங்கியிருந்தது. குளிசையின் அளவு குறையக் குறைய, மாதக்கணக்கில் அது அப்படி வரும். தம்பி பக்கத்தில் இருந்து, "பழையபடி வடிவா வந்திட்டியள்" என்று சொல்லப் போனான். அதைச் சொன்னால், ஓகஸ்டில் வந்து நின்றபோது நாங்கள் எல்லோரும் மனதுக்குள் என்ன நினைத்தோம் என்பதையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். நான் முந்திக்கொண்டு, "குளிசை இப்ப எத்தனைக்கு வந்திட்டுது சித்தி?" என்று கேட்டேன்.

"அஞ்சு மில்லிகிராம்!" என்று அவர் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.