யார் பெயர் முதலில்?

மின்னஞ்சலெல்லாம் ஆபீஸ்காரர்கள் சமாசாரம் என்று நாம் ஒதுங்கி இருந்த காலம் போய்விட்டது. பள்ளிக்கூடம், குடியிருப்போர் சங்கம் எல்லாமே இப்போது அதில்தான். ஒரே கடிதத்தைப் பல பேருக்கு அனுப்பும்போதுதான் சங்கடம். 'வணக்கம்' என்று ஆரம்பிக்கையில் யார் பெயரை முதலில் போடுவது?

எங்கள் தெருக் குழந்தைகள் பள்ளி வேனில் ஏறுவதற்குப் பெரிய சாலையைக் கடக்க வேண்டியிருந்தது. நிறுத்தத்தை இந்தப் பக்கம் மாற்றச் சொல்லித் தாய்மார்கள் சார்பில் நான் எழுத உட்கார்ந்தேன். தலைமையாசிரியை, வகுப்பாசிரியை, வேன் பொறுப்பாளர் என்று மூன்று பேருக்குப் போக வேண்டும். தலைமையாசிரியைக்கு வயது 40தான் இருக்கும். வேன் பொறுப்பாளர் 60ஐத் தாண்டியவர்.

"அக்கா, வேலையைச் செய்யப் போறவர் அவர்தானே? வயசிலேயும் பெரியவர். அவர் பேரை முதல்ல போட்டா என்ன?" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

கல்யாணப் பத்திரிகை என்றால் வயதுதான் கணக்கு. பெரியப்பாவுக்குப் பிறகுதான் சித்தப்பா. அலுவல் கடிதத்தில் பதவிதான் கணக்கு. தன்னிடம் வேலை பார்ப்பவரின் பெயருக்குக் கீழே தன் பெயரைப் பார்த்தால் தலைமையாசிரியைக்கு உறுத்தும். வேன் பொறுப்பாளருக்கும் அந்த முதலிடம் சங்கடம்தான். ஆகையால் இப்படி எழுதினேன்:

"மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கும், வகுப்பாசிரியை அவர்களுக்கும், வேன் பொறுப்பாளர் அவர்களுக்கும் வணக்கம்."

மூவருக்கும் 'அவர்கள்' போட்டிருப்பதைக் கவனியுங்கள். பெயர் பின்னால் வந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு மரியாதை கொடுத்துவிட்டுத் தன்னை மட்டும் வெறும் பெயராக விட்டால் மனசு கசந்துவிடும். To என்ற இடத்திலும் இதே வரிசையில் முகவரிகளை இட்டேன். Cc-யில் தகவலுக்காகச் சேர்த்த மற்றத் தாய்மார்களை வணக்கத்தில் சேர்க்கவில்லை.

சரி, வேலை செய்ய வேண்டியவர் மூன்றாவதாகப் போய்விட்டாரே? அதற்குத்தான் கடிதத்தின் உடல் இருக்கிறது. முதல் பத்தியில் விஷயம். அடுத்து, "வேன் பொறுப்பாளர் அவர்கள் நிறுத்தத்தைப் பிள்ளையார் கோவில் பக்கம் மாற்றித் தர வேண்டும். தலைமையாசிரியை அவர்கள் இதற்கு அனுமதி அளிக்க வேண்டும்" என்று ஆளுக்கொரு வரி. வணக்கத்தில் பதவி வரிசை, உள்ளே வேலை வரிசை. இரண்டையும் ஒரே வரியில் திணிக்கப் போனால்தான் குழப்பம்.

மறுநாளே அனுமதி வந்தது. அடுத்த திங்களிலிருந்து வேன் இந்தப் பக்கம் நிற்கிறது.

ஒரே அந்தஸ்தில் இருப்பவர்களானால் அகரவரிசைதான் வழி. இனிஷியலை விட்டுவிட்டுப் பெயரின் முதலெழுத்தைப் பாருங்கள். தமிழில் எழுதினால் கமலாவுக்குப் பிறகு ஜெயா. ஆங்கிலத்தில் எழுதினால் ஜெயாதான் முதலில்! ஐந்தாறு பேருக்கு மேல் போனால் பெயரே வேண்டாம். "அனைவருக்கும் வணக்கம்" என்று எழுதிவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.