எத்தனை நூல் தோள் கொடுக்கிறது

கோவையில் ஒரு துணிச் சோதனைக் கூடத்தில், மேசை மீது இரண்டு துண்டுத் துணிகள் கிடந்தன. இரண்டும் பருத்தி. எடையும் ஏறக்குறைய ஒன்றே, சதுர மீட்டருக்கு 260 கிராம். ஒன்று நெருக்கி நெய்த கேன்வாஸ், இன்னொன்று மூன்றுக்கு ஒன்று ட்வில். பம்புசெட் கம்பெனி ஒன்றின் தகடு வெட்டும் பிரிவுக்குச் சீருடை தைத்துக் கொடுக்கும் நண்பர் இவற்றில் ஒன்றை வாங்க வேண்டும். நான் வேடிக்கை பார்க்க உடன் போயிருந்தேன்.

ரிப்போர்ட்டை வாங்கியதும் அவர் முதல் வரியைத்தான் பார்த்தார். பாவு வாக்கில் இழுவலிமை: கேன்வாஸ் 1200 நியூட்டன், ட்வில் 990. "அப்ப கேன்வாஸ்தாங்க மேடம்" என்றார். கூடத்தை நடத்தும் அம்மா பதில் சொல்லவில்லை. "வாங்கண்ணா, மெஷினைப் பாத்துட்டுப் பேசுவோம்" என்று உள்ளே கூட்டிப் போனார்.

உள்ளே குளிர்ந்திருந்தது. 20 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம். மனிதர்களின் சௌகரியத்துக்காக அல்ல. பருத்தி ஈரம் ஏற ஏற வலுக்கும். மழைக்காலத்தில் ஒரு எண், சித்திரையில் ஒரு எண் என்று வந்தால் ஒப்பிட வழியில்லை. துணிகள் அந்த அறையிலேயே கிடந்து பக்குவப்பட்ட பிறகுதான் மெஷின் ஏறும்.

இழுவைச் சோதனைக்குத் துணியைக் கொஞ்சம் அகலமாக வெட்டி, இருபுறமும் நூலை உருவி எடுத்து, சரியாக 50 மில்லிமீட்டருக்குக் கொண்டுவருகிறார்கள். உருவாமல் கத்தரித்தால் ஓரத்தில் பாதி நூல்கள் சும்மா தொங்கும், எண் பொய் சொல்லும். பிறகு 200 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு பிடிகளுக்கு நடுவே மாட்டி, நிமிடத்துக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் இழுக்கிறார்கள். அறுந்த துண்டை எடுத்ததும் அந்த அம்மா பார்த்தது அறுந்த இடத்தை. பிடியை ஒட்டி அறுந்திருந்தால் துணி தோற்றதா, பிடி கடித்துவிட்டதா என்று தெரியாது. அந்த எண்ணைத் தனியாகக் குறித்து வைக்கிறார்.

இந்தச் சோதனையில் 50 மில்லிமீட்டரில் உள்ள எல்லாப் பாவு நூலும் சேர்ந்து சுமக்கின்றன. கேன்வாஸில் சென்டிமீட்டருக்கு 24 நூல், ஆக 120 நூல்கள். 1200 நியூட்டனை வகுத்தால் நூலுக்குப் பத்து. ட்வில்லில் 36 வீதம் 180 நூல்கள், நூல் மெலிசு, தலைக்கு ஐந்தரை. இது ஆய்வுக் கணக்கு அல்ல, கைக்கணக்கு. இருந்தாலும் அடுத்து வருவதற்கு இது போதும்.

கிழிவுச் சோதனை ஊசல் கருவியில். துணியில் கத்தி 20 மில்லிமீட்டர் கீறிவிடுகிறது. ஊசலை விட்டால், மீதியுள்ள 43 மில்லிமீட்டரைக் கிழித்துக்கொண்டு போகிறது. ஊசல் எவ்வளவு ஆற்றலை இழந்ததோ, அதிலிருந்து சராசரி விசை கிடைக்கும். பாவு நூல்கள் அறும்படி கிழித்தபோது கேன்வாஸ் 16 நியூட்டன், ட்வில் 33.

இப்போது வகுத்துப் பாருங்கள். கேன்வாஸின் ஒரு நூல் பத்து நியூட்டன் தாங்கும். மொத்தத் துணியோ பதினாறில் கிழிகிறது. அதாவது கிழிவின் முனையில் ஒரே நேரத்தில் ஒன்றரை நூல்தான் எதிர்த்து நிற்கிறது. ட்வில்லிலோ ஆறு நூல் சேர்ந்து நிற்கின்றன. நூல் மெலிசானாலும் ஆறு பேர். ட்வில்லில் பாவு மூன்று ஊடைகளுக்கு மேல் தாண்டிப் போவதால் நூல்களுக்கு நகர இடம் இருக்கிறது. கிழிவு வரும்போது அவை வழுக்கி ஒன்றோடு ஒன்று நெருங்கிக் கும்பலாகின்றன. தகடு விளிம்பில் சிக்கும் பாக்கெட்டுக்கு வரும் சோதனை இதுதான். 120 நூலும் சேர்ந்து இழுபடும் சந்தர்ப்பம் வேலைத்தளத்தில் அபூர்வம்.

ஆனால் கேன்வாஸ் என்றாலே கிழியும் என்று எண்ண வேண்டாம். அந்த அம்மாவுக்கும் ஒன்றரை நூல் என்பது உறுத்தியது. துணியைக் கசக்கிப் பார்த்தார். காகிதம் போல் சத்தம் வந்தது. அதே துணியில் பினிஷிங்குக்கு முந்தைய துண்டு நண்பரிடம் இருந்தது. அதை ஊசலில் வைத்தோம். 38. இழுவலிமையோ இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே. மில்லில் விறைப்புக்காகப் பூசிய பசை ஊடும் பாவும் சந்திக்கும் இடமெல்லாம் நூல்களை ஒட்டிவிட்டது. ஒட்டிய நூல் நகராது, நகராத நூல் தனித்தனியாக அறும். அந்தப் பசையை இழுவை மெஷின் பார்க்கவே இல்லை. மென்மையாக்கியான சிலிக்கோன் பூசினால் இதற்கு நேர் எதிர்: நூல் வழுக்கும், கிழிவு எண் உயரும். ஆனால் அது துவைப்பில் போகப் போக எண்ணும் இறங்கும். அதனால் துவைக்காத துணியின் ரிப்போர்ட்டை நம்பி வாங்குவது வீண். ஐந்து துவைப்புக்குப் பிறகு ட்வில் 29, கேன்வாஸ் 17.

அப்படியானால் கிழிவு எண் பெரிதாக இருப்பதே நல்லதா என்று கேட்டேன். அவர் அலமாரியிலிருந்து இன்னொரு ட்வில்லை எடுத்தார். 52 நியூட்டன். தளர்வாக நெய்தது. இரண்டு துண்டைத் தைத்து இழுத்துக் காட்டினார். தையல் அறவில்லை, தையலை ஒட்டி நூல்கள் விலகிச் சன்னல் போல் திறந்துகொண்டன. "நகர்றதும் அளவோட இருக்கணுங்க. ரொம்பப் பெரிய நம்பரைப் பாத்தா எனக்குச் சந்தேகம்தான் வரும்." இழுவலிமை ஓரளவு இருக்க வேண்டும், கிழிவு அதிகமாக இருக்க வேண்டும், தையல் விலகக் கூடாது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

படிப்பதில் வேறு பொறிகளும் உண்டு. நண்பரின் பையில் வேறொரு வியாபாரி கொடுத்த தாள். அதில் கிழிவு 3,400. மலைத்துப் போயிருந்தார். அது கிராம் கணக்கு. ஒரு நியூட்டன் சுமார் 102 கிராம் விசை. வகுத்தால் நம் ட்வில்லின் அதே 33. துணியைக் கால்சட்டை போல் இரண்டு காலாக வெட்டி இழுத்துக் கிழிக்கும் முறை வேறு. அந்த எண்ணை ஊசல் எண்ணோடு சேர்த்து ஒப்பிடக் கூடாது. அகலமான துணியை நடுவில் மட்டும் பிடித்து இழுக்கும் முறையின் எண்ணும் பட்டைமுறை எண்ணும் அப்படியே. "பாவு" என்று போட்டிருந்தால் பாவு அறுந்ததா, பாவு வாக்கில் கிழிந்ததா என்று கேட்டுவிட வேண்டும். பாவு வாக்கில் கிழிந்தால் அறுவது ஊடை.

நண்பர் கடைசியில் கேட்டது அதைத்தான். ட்வில்லில் ஊடை அறும்படிக் கிழித்தால் 21 நியூட்டன். காலின் நீளவாக்கில் ஓடும் கிழிசல் இந்த எண்ணுக்கு உட்பட்டது. துணி மிச்சம் பிடிக்க அவருடைய கட்டிங் மாஸ்டர் தொடைப் பாக்கெட்டைத் திருப்பிப் போட்டு வெட்டுவது வழக்கமாம். திருப்பினால் பாக்கெட் வாய் கீழ்நோக்கி இழுபடும்போது பாவுக்குப் பதில் ஊடை சுமக்கிறது. பாவிலும் ஊடையிலும் நூல் ஒரே தடிமன்தான், ஆனால் ஊடை சென்டிமீட்டருக்கு இருபதே.

ட்வில்லை வாங்கினார். ஆர்டர் தாளில் மூன்று வரி சேர்த்தார்: ஐந்து துவைப்புக்குப் பின் ஊசல்முறைக் கிழிவு நியூட்டனில், அறுந்த நூல் எது என்று எழுத வேண்டும், விறைப்புப் பசை கூடாது. கட்டிங் மாஸ்டருக்குப் போன் போட்டு, பாக்கெட்டைப் பாவு வாக்கிலேயே வெட்டச் சொன்னார். நூறு சீருடைக்கு நாலைந்து மீட்டர் கூடும் என்று அந்தப் பக்கத்தில் முணுமுணுப்புக் கேட்டது.