ஓசை அடங்கும்வரை

எங்கள் வீட்டில் தீபாவளி பலகாரங்களில் ஓமப்பொடி என் பொறுப்பு. கடலை மாவைப் பிசைந்து கொதிக்கும் எண்ணெயில் பிழிவதுதான் வேலை. மாவுக்குள் எவ்வளவு தண்ணீரை விடுகிறோம், அதை எப்படி வெளியேற்றுகிறோம் என்பதில்தான் பக்குவமெல்லாம் இருக்கிறது.

இரண்டு கிண்ணம் கடலை மாவுக்கு அரைக் கிண்ணம் அரிசி மாவு. இரண்டையும் சலித்து, உப்பும் பெருங்காயமும் இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயும் சேர்த்து, புட்டு மாவுபோல உதிரும்வரை விரலால் தேய்ப்பேன். ஓமத்தை வெந்நீரில் ஊறவைத்து அரைத்து, அந்தத் தண்ணீரை மெல்லிய துணியில் வடிகட்டித்தான் ஊற்றவேண்டும். ஒரு திப்பி தப்பினாலும் அச்சின் சின்னக் கண் அடைத்துக்கொள்ளும்.

மாவு முறுக்கு மாவைவிடத் தளர்வாக, விரலில் லேசாக ஒட்டுகிற பதத்தில் இருக்கவேண்டும். கெட்டியாக இருந்தால் நாழியை அழுத்தவே முடியாது. இழையும் விட்டுவிட்டு விழும். அப்போது கையில் தண்ணீர் தொட்டு, அந்த ஈட்டுக்கான மாவை மட்டும் மறுபடி பிசைந்தால் போதும். ஒரேயடியாகத் தளர்த்தினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, எண்ணெயைக் குடித்துவிடும். வெண்ணெய் அளவுக்கு மீறினாலோ, இழை எண்ணெயில் கரைந்து நுரைக்கும்.

எண்ணெய்ச் சூட்டுக்கு ஒரு துளி மாவே சோதனை. போட்டதும் நிறம் மாறாமல் மேலே எழும்பினால் சரி. அடியிலேயே கிடந்தால் இன்னும் காயவேண்டும். உடனே சிவந்தால் சூடு அதிகம். கடலை மாவு சீக்கிரம் கருகும், உள்ளே ஈரம் தங்கிவிடும். மிதமான தீயில் ஒரே அடுக்காக வட்டமாகப் பிழிந்தால், மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகி வெளியேறும். சடசடவென்று பொங்கும் நுரை அதுதான். நுரை குறைந்ததும் ஒருமுறை திருப்பவேண்டும். ஓசை அடங்கினால் ஈரம் போய்விட்டது என்று பொருள். நிறத்துக்காகக் காத்திருக்கக்கூடாது, எடுத்த பிறகும் உள்சூட்டில் கொஞ்சம் சிவக்கும். அடுத்த ஈடு பிழியுமுன் எண்ணெய் மறுபடி காய அவகாசம் கொடுக்கவேண்டும்.

வடிப்பதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். ஜல்லிக்கரண்டியில் எடுத்ததை வாணலி ஓரத்தில் சாய்த்துப் பிடித்தால், சூட்டில் இளகிய எண்ணெய் தானே இறங்கும். பிறகு கண் உள்ள வடிதட்டில் பரப்பிவைக்கவேண்டும். சூடாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால், கிளம்பும் ஆவி அடியில் உள்ளதை நமத்துப்போகச் செய்யும். எண்ணெயில் வெளியேற்றிய ஈரம் அங்கே திரும்பி வந்துவிடும். நன்றாக ஆறியபின் நொறுக்கி டப்பாவில் போடுங்கள். வெதுவெதுப்பாக மூடிய ஓமப்பொடி மறுநாளே மொறுமொறுப்பை இழந்துவிடும்.